ஓடும்போது எந்த இனிப்பு?

மாராத்தானுக்குப் பயிற்சி எடுப்பவர்களிடம், "வழியில் என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் என்பார். இன்னொருவர் அச்சு வெல்லத்தை உடைத்துப் பொட்டலமாக வைத்திருப்பார். மூன்றாமவரிடம் சின்ன பாட்டிலில் தேன். நாலாவது ஆள், சர்க்கரையும் உப்பும் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் என்பார். ஆனால் சற்றுத் தயங்கித்தான் சொல்வார். வெள்ளைச் சர்க்கரை என்றாலே இன்று ஒரு கூச்சம் வந்துவிடுகிறது. மற்ற மூன்றும் இயற்கை, இது மட்டும் ரசாயனம் என்று ஓர் எண்ணம். தினசரிச் சாப்பாட்டில் இந்தப் பிரிவினைக்கு ஓரளவு பொருள் உண்டு. இரண்டு மணி நேரம் ஓடிய உடம்பு மூன்றாவது மணி நேரத்துக்குள் நுழையும்போதும் அதற்குப் பொருள் இருக்கிறதா?

முதலில் நான்கிலும் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். வெள்ளைச் சர்க்கரை ஏறத்தாழ முழுக்க முழுக்க சுக்ரோஸ். ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் இணைந்ததுதான் சுக்ரோஸ். சிறுகுடலின் சுவரில் உள்ள ஒரு நொதி அந்த இணைப்பை வெட்டிவிடும். வெல்லத்திலும் பெரும்பகுதி, அதாவது 65 முதல் 85 சதவீதம் வரை, அதே சுக்ரோஸ்தான். இன்னும் ஒரு 10, 15 சதவீதம் கரும்புச்சாறு காய்ச்சும்போதே குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிந்துவிடுகிறது. மீதி ஈரமும் தாதுக்களும். தேனில் இந்த வெட்டும் வேலையைத் தேனீ முடித்துவிட்டது: 100 கிராம் தேனில் சுமார் 38 கிராம் ஃபிரக்டோஸ், 31 கிராம் குளுக்கோஸ், 17 கிராம் தண்ணீர். பேரீச்சையில் பழுக்கும்போது பழமே அதைச் செய்துகொள்கிறது. கடைகளில் கிடைக்கும் மென்மையான ரகங்களில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஏறக்குறைய சரிபாதி.

ஆக, எங்கிருந்து புறப்பட்டாலும் குடலில் வந்து சேர்வது அதே இரண்டு சர்க்கரைகள். பழனிப் பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழத்தோடு நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, தேன், கற்கண்டு எல்லாமே ஒன்றாகச் சேர்கின்றன. அந்தக் கற்கண்டு சுத்தமான சுக்ரோஸ். நாக்குக்கு இவை தனித்தனி ருசி. காலில் இயங்கும் தசைக்கு வித்தியாசம் தெரியாது.

வழியில் இனிப்பு எதற்கு என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நாம் சாப்பிடும் சோறும் இட்லியும் குளுக்கோஸாகி, கிளைகோஜன் என்ற வடிவில் தசைகளிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படுகின்றன. நன்றாகச் சாப்பிட்டவரின் தசைகளில் மொத்தம் 300, 400 கிராம் இருக்கலாம். கல்லீரலில் 80 முதல் 100 கிராம். ரத்தத்தில் எந்த நேரத்திலும் ஓடிக்கொண்டிருப்பது 5 கிராம் அளவுக்குத்தான், ஒரு டீஸ்பூன் சர்க்கரை. தசையில் இருக்கும் கிளைகோஜனை அந்தத் தசை மட்டுமே பயன்படுத்திக்கொள்ள முடியும். கையில் மிச்சம் இருந்தாலும் அதைக் காலுக்கு அனுப்ப வழியில்லை. குளுக்கோஸை ரத்தத்துக்குள் விடுவிக்கும் நொதி தசையில் கிடையாது. ரத்தச் சர்க்கரையைக் காப்பாற்றுவது கல்லீரலின் பொறுப்பு. அந்தக் கல்லீரலோ இரவெல்லாம் மூளைக்குக் குளுக்கோஸ் அனுப்பி, விடியும்போது பாதிக்கு மேல் காலியாகியிருக்கும். நம் ஊர் மாராத்தான்கள் வெயிலுக்குப் பயந்து விடியும் முன்பே தொடங்குகின்றன. அரைக் கல்லீரலோடுதான் பலர் கிளம்புகிறார்கள்.

ஓடுவதற்கான செலவு ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறத்தாழ 1 கலோரி. 60 கிலோ எடையுள்ளவர் 42 கிலோமீட்டர் ஓட 2,500 கலோரி வேண்டும். மிதமான வேகத்தில் அதில் பாதிக்கும் சற்று அதிகமாக மாவுச்சத்திலிருந்து வரும், மீதி கொழுப்பிலிருந்து. ஒரு கிராம் மாவுச்சத்துக்கு 4 கலோரி என்று வைத்தால் 350 கிராம் ஆகிறது. கணக்குக்குக் கையிருப்பு போதும்போல் தெரியும். ஆனால் கால்களில் உள்ளது மட்டும்தான் கால்களுக்கு உதவும். அதனால்தான் 30 கிலோமீட்டர் தாண்டிய இடத்தில் பலருக்கும் திடீரென்று கால் கல்லாகிவிடுகிறது.

இது நூறாண்டுக்கு முன்பே தெரிந்த விஷயம். 1924இல் பாஸ்டன் மாராத்தான் முடித்து வந்தவர்களின் ரத்தத்தை அந்நகரின் மருத்துவர்கள் சோதித்தார்கள். வெளிறிப்போய், தள்ளாடி, பேச்சுக் குழறி வந்தவர்களுக்கு ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. அடுத்த ஆண்டு அதே பந்தயத்தில், முந்தைய நாள் மாவுச்சத்து கூடுதலாகச் சாப்பிடச் சொல்லி, வழியில் மிட்டாயும் கொடுத்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, ஓடி முடித்தவர்களின் நிலையும் கண்ணுக்குத் தெரியத் தேறியிருந்தது. அவர்கள் கையில் இருந்தது சாதாரண மிட்டாய், அதாவது சுக்ரோஸ்.

இனி, எவ்வளவு வேகமாக உள்ளே போகிறது என்ற கேள்வி. இங்கேதான் நாலு இனிப்புக்கும் இடையே ஏதாவது உண்மையான வித்தியாசம் இருந்தாக வேண்டும். குடலின் சுவரில் குளுக்கோஸுக்கு ஒரு கதவு இருக்கிறது. சோடியம் கூட வந்தால்தான் அது திறக்கும். ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க உயிர்வேதியியல் அறிஞர் 1960இல் பிராக் நகரில் நடந்த கூட்டத்தில் முன்வைத்த கருத்து இது. வயிற்றுப்போக்குக்கு நாம் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல் வேலை செய்வதும் இதே கதவு வழியாகத்தான். இந்தக் கதவு ஒரு நிமிடத்துக்குச் சுமார் 1 கிராம் குளுக்கோஸை விடும், ஒரு மணி நேரத்துக்கு 60 கிராம். அதற்கு மேல் குளுக்கோஸ் குடித்தால் தசைக்குப் போகாது. குடலிலேயே நின்று தண்ணீரை இழுத்து வயிற்றைக் கலக்கும்.

ஃபிரக்டோஸுக்கோ தனிக் கதவு. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். மணிக்கு 90 கிராம் வரையிலும் உடம்பால் எரிக்க முடியும். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் சைக்கிள் வீரர்களை வைத்து இதை நிறுவினார்கள். உள்ளே போன ஃபிரக்டோஸ் நேராகத் தசைக்குப் போவதில்லை. கல்லீரல் அதைக் குளுக்கோஸாகவும் லாக்டேட்டாகவும் மாற்றி அனுப்புகிறது. இரண்டுமே தசைக்கு எரிபொருள்தான். இந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகே விலையுயர்ந்த ஜெல் பாக்கெட்டுகளில் இரண்டு சர்க்கரைகளையும் கலந்து விற்கத் தொடங்கினார்கள். நம் சமையலறைச் சர்க்கரையில் அந்தக் கலவை கரும்பிலிருந்தே வந்திருக்கிறது, சரிபாதியாக. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் ஆய்வாளர்கள் 2017இல் சைக்கிள் வீரர்களுக்குச் சாதாரணச் சுக்ரோஸைக் குளுக்கோஸோடு சேர்த்து அதிக அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் குளுக்கோஸைவிட அது அதிகமாக எரிந்தது. குளுக்கோஸையும் ஃபிரக்டோஸையும் தனித்தனியாகக் கலந்த பானத்துக்கு ஏறத்தாழ ஈடு கொடுத்தது.

ஆக, எந்தக் கதவு எவ்வளவு திறக்கும் என்ற கவலையே மணிக்கு 60 கிராமுக்கு மேல் சாப்பிடும் வேகமான வீரர்களுக்குத்தான். இரண்டு, மூன்று மணி நேரம் ஓடும் சாதாரண ஆள் மணிக்கு 30 முதல் 60 கிராமுக்குள் நிற்பார். அந்த அளவில் நாலு இனிப்புமே எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போய்விடும்.

"தேன் மெதுவாகச் சர்க்கரையை ஏற்றும், அதனால் நின்று நிதானமாகச் சக்தி கொடுக்கும்" என்று பலர் சொல்வதற்கு இங்கே பதில் சொல்லியாக வேண்டும். கிளைசெமிக் இன்டெக்ஸ் என்ற அட்டவணையில் குளுக்கோஸுக்கு 100 என்றால் சர்க்கரைக்கு 65 அளவு, தேனுக்கும் பேரீச்சைக்கும் பொதுவாக அதைவிடக் குறைவு. ஆனால் அந்த எண்கள் வெறும் வயிற்றில் சும்மா உட்கார்ந்திருப்பவரின் ரத்தத்தை இரண்டு மணி நேரம் சோதித்துக் கிடைத்தவை. ஓடுகிறவர் கதை வேறு. அட்ரினலின் ஏறியிருப்பதால் இன்சுலின் அதிகம் சுரக்காது. சுருங்கி விரியும் தசை, இன்சுலினுக்குக் காத்திராமல் ரத்தத்திலிருந்து குளுக்கோஸைத் தானே எடுத்துக்கொள்ளும். அதனால் உட்கார்ந்த நிலையில் தெரிந்த ஏற்ற இறக்கம் ஓட்டத்தில் பெரிதாகத் தெரியாது. அமெரிக்காவில் 9 சைக்கிள் வீரர்களை 64 கிலோமீட்டர் ஓட்டவைத்து, 16 கிலோமீட்டருக்கு ஒருமுறை 15 கிராம் மாவுச்சத்து வரும்படி ஒருமுறை தேனும் ஒருமுறை குளுக்கோஸும் கொடுத்த ஆய்வு ஒன்று 2004இல் வெளியானது. இரண்டிலும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றே. இனிப்பில்லாத போலிக் கலவை சாப்பிட்ட நாளைவிட இரண்டு நாளும் ஏறக்குறைய மூன்று நிமிடம் வேகம். தேன் ஜெயிக்கவில்லை, தோற்கவும் இல்லை.

பேரீச்சைக்கு நேர் ஆய்வைவிட அதன் உறவான உலர் திராட்சையில் நடந்தது நன்றாக வழி காட்டுகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 2012இல் ஓட்டக்காரர்களை 80 நிமிடம் ஓடவைத்து, பிறகு 5 கிலோமீட்டரை முடிந்த வேகத்தில் ஓடச் சொன்னார்கள். தண்ணீர் மட்டும் குடித்த நாளைவிட, உலர் திராட்சை சாப்பிட்ட நாளிலும் விளையாட்டு வீரர்களுக்கென்று விற்கும் மெல்லும் மிட்டாய் சாப்பிட்ட நாளிலும் சுமார் ஒரு நிமிடம் முன்னதாக முடித்தார்கள். பழத்துக்கும் மிட்டாய்க்கும் இடையே வித்தியாசமில்லை. அந்த அளவில் பழத்தின் நார் தொல்லையும் கொடுக்கவில்லை. அளவு ஏறும்போதுதான் தொல்லை.

வெல்லத்துக்காக வாதிடுபவர்கள் சொல்வது இரும்பையும் தாதுக்களையும். வெல்லத்தில் இரும்பு உண்டு. காய்ச்சும் கொப்பரையிலிருந்தும் கொஞ்சம் சேரும். ஆனால் செடியிலிருந்து கிடைக்கும் இரும்பில் குடல் எடுத்துக்கொள்வது சிறு பங்குதான், அது ரத்த அணுவாக மாறிப் பயன் தருவதற்கு வாரங்கள் ஆகும். 25ஆவது கிலோமீட்டரில் வாயில் போட்ட வெல்லத்தின் இரும்பு 35ஆவது கிலோமீட்டரில் எந்த உதவியும் செய்யாது. பொட்டாசியமும் அப்படித்தான். வியர்வையில் நாம் இழப்பது பெரும்பாலும் சோடியம், பொட்டாசியம் சொற்பம். வெல்லத்தில் இருப்பது பொட்டாசியம், இல்லாதது சோடியம். ஆகவே வெல்லம் சாப்பிடுபவரும் உப்பைத் தனியாகச் சேர்க்கத்தான் வேண்டும். கருப்பட்டிக்கும் நாட்டுச் சர்க்கரைக்கும் இதே பதில். இவற்றின் மணமும் ருசியும் எனக்கு மிகவும் பிடிக்கும். ருசி பிடித்தால் அதிகம் குடிப்போம் என்பதால் அது சின்ன நன்மையும் அல்ல. அதைத் தாண்டி வெல்லத்துக்கு ஓட்டத்தில் தனிச் சிறப்பு எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

சரி, ஒரு பந்தயத்தைக் கணக்குப் போட்டே பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒரு பெண், முதல் மாராத்தான், நாலரை மணி நேரத்தில் முடிக்கத் திட்டம். மணிக்கு 45 கிராம் சர்க்கரை போதும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 15 கிராம் என்று வைத்துக்கொள்கிறார். அரை மணி நேரத்தில் முதல் வாய், நாலு மணி பத்து நிமிடத்தில் கடைசி வாய். மொத்தம் 12 தடவை, 180 கிராம், 720 கலோரி.

அவர் பேரீச்சையை எடுத்துக்கொண்டால், மெட்ஜூல் போன்ற பெரிய பழம் ஒன்றில் சுமார் 16 கிராம் சர்க்கரை. தடவைக்கு ஒரு பழம், 12 பழம், ஏறக்குறைய 300 கிராம் சுமை. சாதாரணச் சின்னப் பழமென்றால் தடவைக்கு மூன்று. கணக்கு எளிது. ஆனால் 12 பெரிய பழத்தில் கிட்டத்தட்ட 19 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. ஒரு நாள் முழுக்கச் சாப்பிட வேண்டிய நாரில் பெரும்பகுதியை, குடலுக்குப் போகும் ரத்தம் குறைந்திருக்கும் நாலு மணி நேரத்தில் உள்ளே தள்ளுகிறோம். ஓடும்போது உடம்பு ரத்தத்தைக் கால்களுக்கும், வியர்ப்பதற்காகத் தோலுக்கும் திருப்பிவிடுகிறது. சென்னைப் புழுக்கத்தில் இன்னும் அதிகமாக. முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று பழம் சுகமாக இறங்கும். மூன்றாவது மணி நேரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு, எச்சில் வற்றிய வாயால் பழத்தை மெல்லுவது அவ்வளவு சுலபமில்லை. கழிப்பறை தேடவேண்டி வருவதும் அப்போதுதான்.

வெல்லமென்றால் 210 கிராம் அளவு வேண்டும், ஈரத்துக்கும் தாதுக்களுக்கும் கழிவு போக. கட்டியாக எடுத்துப் போனால் காற்றின் ஈரத்தில் கசிந்து பொட்டலமே பிசுபிசுப்பாகிவிடும். மென்றால் பல்லில் மண் நெறுநெறுக்கும். கரைத்து வடிகட்டுவதே நல்லது. பானகம் நம் வீட்டு விளையாட்டுப் பானம்தான், ஆனால் வீட்டில் செய்யும் பானகம் இதற்கு மிகவும் கெட்டி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 70 கிராம் வெல்லம், கால் டீஸ்பூன் உப்பு, ஒரு எலுமிச்சைச் சாறு, விருப்பமிருந்தால் ஒரு சிட்டிகை சுக்கு. இதில் சர்க்கரை 6 சதவீதத்தை ஒட்டி நிற்கும். இரைப்பையிலிருந்து தாமதமின்றி இறங்கக்கூடிய அடர்த்தி அது. முந்தின இரவே கொதிக்கவைத்து ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். வெளியில் வைத்தால் நம் வெப்பத்துக்கு சீக்கிரமே புளித்துப் பொங்கத் தொடங்கும். மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்ற சத்தத்தோடு லேசான கள் வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

தேனென்றால் 225 கிராம். அடர்த்தி அதிகம் என்பதால் 160 மில்லிதான். பிதுக்கக்கூடிய ஒரு சின்ன பாட்டிலில் அடங்கிவிடும். மெல்ல வேண்டாம், நார் இல்லை. தூக்கிப் போக மிக வசதியானது இதுதான். தடவைக்கு ஒரு மேசைக்கரண்டியைவிடச் சற்றுக் குறைவு. கூடவே தண்ணீர் ஒரு டம்ளர். தண்ணீரைத் தவிர்த்தால் வயிற்றுக்குள் 80 சதவீதச் சர்க்கரைக் கரைசல் உட்கார்ந்திருக்கும், உடம்பிலிருந்து தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. தேனில் இன்னொரு சிக்கலும் உண்டு. குளுக்கோஸைவிட ஃபிரக்டோஸ் அதிகம். இவர் சாப்பிடும் மொத்தத் தேனில் 85 கிராம் ஃபிரக்டோஸ், 70 கிராம் குளுக்கோஸ். ஃபிரக்டோஸ் கதவு ஆளுக்கு ஆள் வேறுபடும், சிலருக்கு இயல்பிலேயே சிறியது. உள்ளே போகாமல் மிஞ்சிய ஃபிரக்டோஸ் பெருங்குடலுக்குப் போய்க் கிருமிகளால் நொதித்து வாயுவாகும். வீட்டில் தேன் சாப்பிட்டாலே வயிறு உப்பும் என்பவர்கள் பந்தயத்தில் தேனை நம்ப வேண்டாம்.

சர்க்கரையென்றால் 180 கிராம். 6 சதவீதமாகக் கரைத்தால் 3 லிட்டர்; யாரும் சுமந்துகொண்டு ஓட முடியாது. எனவே 30 கிராமாக ஆறு சின்னப் பொட்டலம் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு நல்ல சிட்டிகை உப்பையும் கலந்து, அரை லிட்டர் பாட்டிலை வழியிலுள்ள தண்ணீர் மேசைகளில் நிரப்பி நிரப்பிக் கரைத்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் நின்று செய்யும் வேலை. ஆனால் தண்ணீர், உப்பு, சர்க்கரை மூன்றும் சரியான விகிதத்தில் ஒன்றாகப் போவதால் வயிற்றுக்கு இதுவே சாந்தமானது. விலையும் மற்ற எல்லாவற்றையும்விடக் குறைவு.

இந்தப் பெண் என்னிடம் யோசனை கேட்டால், முதல் ஒன்றரை மணி நேரத்துக்கு மூன்று பேரீச்சை, பிறகு முழுக்கவும் சர்க்கரைத் தண்ணீரோ நீர்த்த பானகமோ, கடைசிப் பத்து கிலோமீட்டருக்கு அவசரக் கையிருப்பாகக் கொஞ்சம் தேன் என்று சொல்வேன். பேரீச்சைக்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. வெறும் இனிப்புத் தண்ணீர் நாலு மணி நேரத்தில் திகட்டிவிடும். திகட்டினால் குடிப்பதை நிறுத்திவிடுவார். ஆனால் இந்த ஏற்பாடு எதையும் பந்தய நாளில் முதன்முதலாகச் செய்யக் கூடாது. வாரக் கடைசியில் ஓடும் நீண்ட ஓட்டங்களில் சில வாரம் பழக்கினால் குடல் கதவுகளே கொஞ்சம் பெருகும். முதல் முறை குமட்டிய அளவு ஐந்தாவது முறை சாதாரணமாகிவிடும்.

எது தவறிப்போகிறது என்பதை உடம்பே காட்டிக்கொடுக்கும். தொப்புளுக்கு மேலே தண்ணீர் தளும்பும் சத்தமும் ஏப்பமும் குமட்டலும் வந்தால் இரைப்பை இறக்கவில்லை என்று பொருள்: கரைசல் கெட்டியாக இருக்கிறது, அல்லது உடம்பில் தண்ணீர் குறைந்துவிட்டது. அடுத்த இரண்டு தடவைக்கு இனிப்பைத் தள்ளிவைத்து வெறும் தண்ணீர் குடித்து, வேகத்தையும் குறைக்க வேண்டும். தொப்புளுக்குக் கீழே வாயு, முறுக்கு, அவசரம் என்றால் அது நாரோ மிஞ்சிய ஃபிரக்டோஸோ. பழத்தையும் தேனையும் நிறுத்த வேண்டும். கால் கனத்து, ஆனால் மனம் தெளிவாக இருந்தால் தசையின் கிளைகோஜன் வற்றுகிறது. கை நடுக்கம், காரணமில்லாத எரிச்சல், மணியைப் பார்த்தும் கணக்குப் பிடிபடாத குழப்பம் எல்லாம் ரத்தச் சர்க்கரை இறங்குவதன் அடையாளம். அந்தக் கட்டத்தில் நாலில் எது கைக்கு எட்டுகிறதோ அதுதான் சிறந்தது.

இவ்வளவும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடுபவர்களுக்கு. அதற்குக் குறைவாக ஓடுபவர்களைப் பற்றி ஒரு வியப்பான செய்தி உண்டு. 2004இல் பர்மிங்ஹாமில் சைக்கிள் வீரர்களிடம் ருசியில்லாத மாவுச்சத்துக் கரைசலைக் கொடுத்து, வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பச் சொன்னார்கள். ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. ஆனாலும் ஒரு மணி நேர ஓட்டத்தை அவர்கள் ஏறக்குறைய 3 சதவீதம் விரைவாக முடித்தார்கள். 2009இல் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, வாயில் குளுக்கோஸ் பட்டதும் மூளையில் ஊக்கத்தோடு தொடர்புள்ள பகுதிகள் விழித்துக்கொள்வது தெரிந்தது. சாக்கரின் என்ற செயற்கை இனிப்பு அதைச் செய்யவில்லை. ஒரு மணி நேரக் கடும் பயிற்சிக்கு முன் ஒரு சின்ன வெல்லத் துண்டைச் சுவைத்து 'தெம்பு வந்துவிட்டது' என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. தசைக்கு அது போய்ச் சேருமுன்பே மூளைக்குச் சேதி போய்விடுகிறது.

காலையில் 45 நிமிடம் வேகமாக நடப்பவருக்கு இதில் எதுவுமே தேவையில்லை. அந்த நடையில் 150, 180 கலோரி செலவாகும், அதில் பெரும்பகுதி கொழுப்பிலிருந்தே வரும். கிளம்புமுன் 'சக்திக்காக' மூன்று பெரிய பேரீச்சை சாப்பிட்டால் வரவு 200 கலோரி. எடை குறைக்க நடக்கிறவர்கள் பலர் ஒரு வருடம் நடந்தும் ஒரு கிலோ குறையவில்லை என்று வருந்துவதற்கு இந்தப் பழமும், நடை முடிந்ததும் குடிக்கும் தேன் தண்ணீரும் ஒரு காரணமாக இருப்பதுண்டு. பேரீச்சை நல்ல பழம், நாரும் உண்டு. சாப்பாட்டின் பகுதியாகக் கணக்கில் வைத்துச் சாப்பிடட்டும்.

எந்த இனிப்பு என்பது உண்மையிலேயே முக்கியமாகும் இடம் ஒன்று இருக்கிறது. அது ஓட்டக்காரர்களிடம் இல்லை, சர்க்கரை நோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டு உடற்பயிற்சி செய்பவர்களிடம். இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளைமெபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் நடக்கும்போது ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். இவர்களில் பலருக்கு வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் மாத்திரையும் எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். அந்த மாத்திரையின் வேலையே, சுக்ரோஸை வெட்டும் குடல் நொதியைத் தடுப்பதுதான். சர்க்கரை இறங்கிய நேரத்தில் அவர் வாயில் போடும் வெள்ளைச் சர்க்கரையோ வெல்லமோ மிட்டாயோ வெட்டுப்படாமல் குடலிலேயே காத்துக்கிடக்கும்; ரத்தச் சர்க்கரை ஏற வேண்டிய நேரத்தில் ஏறாது. அவருக்கு வேண்டியது மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடி. அது இல்லாவிட்டால் தேன், ஏனென்றால் அதில் குளுக்கோஸ் ஏற்கெனவே பிரிந்து நிற்கிறது. பேரீச்சையிலும் பிரிந்த குளுக்கோஸ் உண்டு, ஆனால் நடுங்கும் கையோடு மென்று விழுங்க வேண்டும், நார் தாமதப்படுத்தும். 15 கிராம் குளுக்கோஸைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, உட்கார்ந்து 15 நிமிடம் கழித்துக் கருவியில் பார்க்க வேண்டும். அப்போதும் 70க்குக் கீழே இருந்தால் இன்னொரு 15 கிராம். நினைவு தப்பியவரின் வாயில் மட்டும் தேன் உட்பட எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும். 108ஐ அழைக்க வேண்டும்.